குலை சிட்டுப் படமெல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே ஃபைலாக எடுத்து வைப்பதா, அப்படியே விடுவதா?

லாபிஸ்_கிராணி:

வணக்கம். லாபிஸ் பக்கம் ஒரு செம்பனைக் குலை வாங்கும் மையத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் விழுந்துவிட்டதால் சிஸ்டமும் என் தலையில்தான். சிறுதோட்டக்காரர்களின் லோரி திம்பாங்கில் ஏறி இறங்கியதும் சிட்டு அச்சாகும், அதில் டிரைவர் கையெழுத்துப் போட்டதும் எங்கள் பையன் போனில் படம் எடுத்து ஏற்றிவிடுவான். இது போக ஒவ்வொரு தோட்டக்காரரின் ஐசி காப்பி, எம்.பி.ஓ.பி. உரிமம், நில கிராண்ட் எல்லாம் பிடிஎஃப்பாக இருக்கும்.

எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார். ஆபீஸில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், எக்ஸாம்ப், அதில் மரியாடிபி. டேபிள் இப்படி:

```
timbangan: id, no_tiket, tarikh, kg, harga, gambar MEDIUMBLOB
```

நாளைக்கு எண்பது சிட்டு, ஒரு படம் இரண்டரை எம்பி. ஆறு மாதத்தில் 31 ஜிபி ஆகிவிட்டது. போஸ் இன்னொரு கம்ப்யூட்டரில் பேக்கப் வேண்டும் என்கிறார். டம்ப் எடுக்கப் போட்டால் ஆபீஸ் பூட்டும் வரை ஓடுகிறது, சரி எடுத்தாயிற்று என்று புது கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால் பாதியில் நின்றுவிட்டது:

```
ERROR 1153 (08S01): Got a packet bigger than 'max_allowed_packet' bytes
```

படங்களை ஃபோல்டரில் வைத்து டேபிளில் பாதையை மட்டும் எழுதினால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாற்றினால் வேறு எதில் அடி விழும் என்று தெரிந்துகொண்டு இறங்கலாம் என்று பார்க்கிறேன்.

ரவாங்_ப்ரோ:

ப்ரோ, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸில் படம் வைப்பது எப்போதுமே தப்பு. டேட்டாபேஸ் எழுத்துக்கும் நம்பருக்கும்தான், படம் போட்டால் ஸ்லோ ஆகும். `htdocs/uploads` என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள், ஐசி நம்பரையே ஃபைல் பெயராக வையுங்கள், தேடவும் சுலபம். பாதையை டேபிளில் எழுதுங்கள், முடிந்தது. ஒரு நாள் வேலை.

ஸ்டூடியோ_மணி:

நானும் இதே பிரச்சனையில் இருந்தேன். ஒரு கல்யாணத்துக்கே நூறு ஜிபி ஆகிறது. இரண்டு வெளி ஹார்ட்டிஸ்க் வாங்கி, ஒன்றில் இந்த வருடம், ஒன்றில் போன வருடம் என்று வைத்திருக்கிறேன். போனில் இருந்து நேராக இழுத்துப் போடலாம், எந்த டேட்டாபேஸும் வேண்டாம். அண்ணன் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்று புரியவில்லை.

லாபிஸ்_கிராணி:

மணி அண்ணே, எனக்கு இடம் போதவில்லை என்பது பிரச்சனை இல்லை. எந்தச் சிட்டுக்கு எந்தப் படம் என்பது காசு விஷயம். தோட்டக்காரர் வந்து எடை குறைச்சல் என்று நின்றால் அந்த டிக்கெட் நம்பரைத் தட்டியதும் படம் வர வேண்டும்.

செகாமட்_சரஸ்:

தம்பி, முதலில் அந்த எர்ரரைப் பார்ப்போம், ஏனென்றால் இப்போது உன்னிடம் பேக்கப் இருக்கிற மாதிரி தெரிகிறதே தவிர உண்மையில் இல்லை.

டம்ப் எடுக்கும்போது `--hex-blob` போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அப்படிப் போட்டால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாக எழுதப்படும். ஒன்பது எம்பி பிடிஎஃப் ஒன்று உள்ளே இருந்தால் டம்பில் அந்த ஒரு வரி மட்டும் பதினெட்டு எம்பி. மரியாடிபி தானாக வைத்துக்கொள்ளும் அளவு 16 எம்பி. அதாவது உள்ளே போகும்போது தடையில்லாமல் போன ஃபைல், அதே அளவு செட்டிங் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏறாது. டம்ப் எடுக்கும் நிரலுக்குத் தனியாக 24 எம்பி இருப்பதால் எடுக்கும்போது ஒரு சத்தமும் வராது, ஏற்றும்போதுதான் வெடிக்கும். நில கிராண்டைப் பல பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஏதாவது பெரிதாக இருக்கிறதா பார்.

இப்போதைக்குப் புது கம்ப்யூட்டரின் `my.ini`-ல் `[mysqld]` கீழே ஒரு வரி, ஏற்றும்போது கட்டளையிலும் அதையே சொல்ல வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாது:

```
max_allowed_packet=64M
```

```
mysql --max_allowed_packet=64M -u root -p kulai < kulai.sql
```

இது ஏறி முடிந்து நீ படத்தைத் திறந்து பார்க்கும் வரை மற்ற எதையும் தொடாதே. கையில் ஒரு நல்ல காப்பி இல்லாமல் 31 ஜிபியை இடம் மாற்றுவது ஆகாத வேலை.

அப்புறம் ரவாங் தம்பி சொன்னது பாதி சரி. படம் உள்ளே இருப்பதனால் மட்டும் டேட்டாபேஸ் மெதுவாகாது. நீளமான பிளாபை மரியாடிபி வரிக்கு வெளியே தனிப் பக்கங்களில் வைத்துவிட்டு வரியில் சின்னச் சுட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. எடையையும் விலையையும் மட்டும் கேட்டால் அந்தப் பக்கங்களைத் திறக்கவே திறக்காது. மெதுவாவது எங்கே என்றால், லிஸ்ட் காட்டும் பக்கத்தில் யாராவது `SELECT *` எழுதியிருப்பார்கள், ஐம்பது வரி காட்ட நூற்றிருபத்தைந்து எம்பியை இழுத்து வந்து பிஎச்பி மெமரியில் கொட்டும். உன்னுடைய லிஸ்ட் பக்கத்தின் கோடைத் திறந்து பார், இருக்கும்.

இரண்டு கேள்வி. சிட்டுப் படம் எதற்கு இரண்டரை எம்பி? கரண்ட் அடிக்கடி போகுமா, யுபிஎஸ் உண்டா?

லாபிஸ்_கிராணி:

அக்கா, `SELECT *` தான். மாற்றியதும் லிஸ்ட் உடனே வருகிறது, இத்தனை நாளாக எல்லாரும் கம்ப்யூட்டர் பழசு என்று திட்டிக்கொண்டிருந்தோம். 64M போட்டதும் டம்பும் ஏறிவிட்டது, நாலைந்து படம் திறந்து பார்த்தேன், வருகிறது.

கரண்ட் விஷயம் சொல்லவே வேண்டாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் டிரிப் ஆகும். யுபிஎஸ் ஒன்று இருக்கிறது, அது திம்பாங் மீட்டருக்கு. கம்ப்யூட்டர் நேராகச் சுவரில். படத்தின் அளவைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, போன் கொடுப்பது அப்படியே ஏறுகிறது.

ரவாங்_ப்ரோ:

ஃபைலாக வைத்தால் கரண்ட் போனாலும் பிரச்சனை இல்லையே. டேட்டாபேஸ்தானே கரண்ட் போனால் கெடும்.

செகாமட்_சரஸ்:

நேர் எதிர், தம்பி. இந்த இழையில் கவனமாகப் பேச வேண்டியது இதைத்தான்.

டேட்டாபேஸ் ஒரு வரியை எழுதி முடித்தேன் என்று சொன்னால், அதன் லாக் வட்டில் இறங்கிவிட்டது என்று பொருள். `innodb_flush_log_at_trx_commit` 1 என்று இருக்கும் வரை அடுத்த நொடி கரண்ட் போனாலும் மறுபடி எழுந்திருக்கும்போது அந்த வரி இருக்கும். சாதாரண ஃபைல் அப்படியில்லை. பிஎச்பி ஃபைலை எழுதி மூடியதும் விண்டோஸ் சரி என்று தலையாட்டும், ஆனால் உள்ளடக்கம் இன்னும் மெமரியில்தான் இருக்கும், சில நொடி கழித்துத்தான் வட்டுக்குப் போகும். அந்த இடைவெளியில் டிரிப் ஆனால் ஃபைலின் பெயரும் அளவும் பதிவாகியிருக்கும், உள்ளே இருப்பது முழுக்கப் பூஜ்ஜியம். ஃபோல்டரில் பார்த்தால் 240 கேபி என்று நன்றாகத்தான் காட்டும், திறந்தால் எந்த நிரலும் திறக்காது. லினக்ஸில் பெரும்பாலும் பூஜ்ஜியம் பைட் ஃபைலாக நிற்கும், அதையாவது கண்ணால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆக உன் டேபிளில் வரி இருக்கும், பாதை இருக்கும், படம் மட்டும் இருக்காது. தோட்டக்காரர் வந்து நிற்கும் நாளில்தான் அது தெரியவரும். எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தவரைக்கும் இந்தத் தொல்லை உனக்கு இல்லை, வரியும் படமும் ஒரே பரிவர்த்தனையில் போனது, இருந்தால் இரண்டும் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் இருக்காது. வெளியே எடுத்தால் அந்த ஒற்றுமையை நீயே கட்டிக் காக்க வேண்டும்.

கட்டுவதற்கு வழி வரிசைதான். ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுது, வட்டில் இறக்கு, உண்மைப் பெயருக்கு மாற்று, இதெல்லாம் முடிந்த பிறகுதான் டேபிளில் வரி. பிஎச்பி 8.1-ல் இருந்து `fsync` இருக்கிறது:

```php
$fh = fopen($tmp, 'xb');
if (!$fh || fwrite($fh, $isi) !== strlen($isi) || !fsync($fh)) {
    throw new RuntimeException('gagal simpan');
}
fclose($fh);
rename($tmp, $akhir);
// INSERT இதற்குப் பிறகுதான்
```

நடுவில் எங்கே கரண்ட் போனாலும் மிஞ்சுவது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஃபைல் மட்டும். அது இடத்தைப் பிடிக்கும், வேறு கெடுதல் செய்யாது. வரியை முதலில் எழுதிவிட்டு ஃபைலைப் பிறகு எழுதினால் மிஞ்சுவது பொய் சொல்லும் வரி. அழிக்கும்போது இதையே தலைகீழாகச் செய், முதலில் வரி, பிறகு ஃபைல்.

வரியில் பாதையோடு ஃபைலின் அளவையும் sha256-ஐயும் சேர்த்து எழுது. அது இல்லாமல் பூஜ்ஜியம் நிறைந்த ஃபைலைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழி இல்லை. இருந்தால் ராத்திரி ஒரு சின்ன நிரல் ஓடி எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காலையில் பெயர் சொல்லும்.

கம்ப்யூட்டருக்கும் ஒரு யுபிஎஸ் வாங்கச் சொல். மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்து.

ஈப்போ_கிளினிக்:

சரஸ் சொல்வதை எல்லாம் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவது, பிறகு ஏன் வெளியே எடுக்க வேண்டும்? நான் ஒரு கிளினிக்குக்குச் சிஸ்டம் பார்க்கிறேன், போஸ்ட்கிரெஸ். நோயாளி திரையில் போடும் கையெழுத்து, ஐந்தாறு கேபி பிஎன்ஜி, எல்லாம் `bytea`-வில் உள்ளேதான். வருடக் கணக்காக ஓடுகிறது, ஒரே டம்ப், ஒரே ரீஸ்டோர், எந்த ஃபைல் எங்கே போனது என்று தேடியதே இல்லை. படிக்க உரிமை யாருக்கு என்பதையும் டேட்டாபேஸே பார்த்துக்கொள்கிறது.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் இதை அளந்தே பார்த்தார்கள். 256 கேபிக்குக் கீழே என்றால் டேட்டாபேஸ் நன்றாகச் செய்கிறது, ஒரு எம்பிக்கு மேலே என்றால் ஃபைல், நடுவில் இருப்பது எத்தனை முறை மாற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று முடிவு. தம்பி படத்தைச் சுருக்கி 250 கேபிக்குக் கொண்டுவந்தால் உள்ளேயே வைத்துக்கொள்ளலாமே. இரண்டு இடத்தைக் கட்டி மாரடிப்பானேன்.

செகாமட்_சரஸ்:

அண்ணே, கையெழுத்து விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை, ஐந்து கேபியை ஃபைலாக வைப்பவர்தான் வேலை மெனக்கெட்டவர். அந்த அளவீடு எஸ்கியூஎல் சர்வரையும் என்டிஎஃப்எஸ்ஸையும் வைத்து அன்றைய சுழலும் வட்டில் எடுத்தது, அவர்கள் முக்கியமாகப் பார்த்தது மாற்றி மாற்றி எழுதும்போது துண்டு துண்டாகச் சிதறுவதை. தம்பியின் சிட்டு ஒருமுறை எழுதினால் யாரும் மாற்றப் போவதில்லை. எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் இங்கே கேள்வியே இல்லை, நாளைக்கு எண்பது படத்துக்கு எது வைத்தாலும் ஓடும்.

எனக்கு இடிப்பது பேக்கப். சுருக்கிய படம் 250 கேபி என்றால் நாளைக்கு இருபது எம்பி, மாதம் அரை ஜிபி, வருடம் ஆறு ஜிபி. வருமான வரிக்காக ஏழு வருடம் கணக்கு வைத்திருக்க வேண்டும், சிட்டும் அதில் சேரும். கடைசி வருடத்தில் தினமும் ராத்திரி 42 ஜிபி டம்ப், அதில் புதிதாகச் சேர்ந்தது இருபதே எம்பி. போன வருடப் படம் ஒரு பைட் மாறியிருக்காது, அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பான். ஃபைலாக இருந்தால் அந்த இருபது எம்பியை மட்டும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தள்ளலாம், டேட்டாபேஸ் டம்ப் சில எம்பியில் முடியும்.

ஈப்போ_கிளினிக்:

டேட்டாபேஸிலும் சேர்ந்ததை மட்டும் எடுக்க வழி இருக்கிறதே. பைனரி லாக்கைத் தினமும் நகல் எடுத்தால் போதும்.

செகாமட்_சரஸ்:

இருக்கிறது. அதை எக்ஸாம்ப் ஓடும் ஆபீஸில் யார் பார்த்துக்கொள்வது? ஒரு லாக் விட்டுப் போனால் அதற்குப் பிறகு உள்ளது எதுவும் ஏறாது. தெரிந்தவர் கையில் இருந்தால் நீங்கள் சொல்வது சரிதான், அண்ணே.

ரவாங்_ப்ரோ:

அப்படியானால் கடைசியில் நான் சொன்னதுதானே. `uploads` ஃபோல்டர், ஐசி நம்பர் பெயர்.

செகாமட்_சரஸ்:

தம்பி, அந்த இரண்டும்தான் வேண்டாம் என்கிறேன். `htdocs` உள்ளே இருப்பதெல்லாம் பிரௌசரில் முகவரி தட்டினால் வரும். ஐசி நம்பர் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியும், முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பெயராக அதையே வைத்தால் லாகின் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இருந்தே இருக்கிறது, ஐசி காப்பி வெளியே போனால் போஸ்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, படம் என்று சொல்லி யாராவது `.php` ஃபைலை ஏற்றினால் அந்த ஃபோல்டரில் அது ஓடும், கம்ப்யூட்டரே கையை விட்டுப் போகும்.

ஃபோல்டர் `D:\kulai_fail` போல வெப் சர்வரின் வேருக்கு வெளியே இருக்கட்டும். பெயரை நீயே உருவாக்கு, ஏற்றியவர் கொடுத்த பெயரை வட்டில் பயன்படுத்தாதே, காட்டுவதற்கு வேண்டுமானால் டேபிளில் தனியாக எழுதி வை. கொடுக்கும்போது ஒரு பிஎச்பி பக்கம் லாகினைப் பார்த்துவிட்டு `readfile` செய்யட்டும்.

கூலாய்_நந்தன்:

நடுவில் புகுந்து ஒன்று சொல்கிறேன். பாதையை முழுசாக எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி சிஸ்டத்தில் `C:\xampp\htdocs\...` என்று ஒவ்வொரு வரியிலும் இருந்தது, லினக்ஸ் சர்வருக்கு மாற்றிய அன்று ஒரு படமும் வரவில்லை. சாய்கோட்டை மாற்றிய பிறகும் பாதிப் படம் வரவில்லை. காரணம் டேபிளில் `.jpg`, வட்டில் `.JPG`. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. `2025/03/9f3c….jpg` மாதிரி சின்ன எழுத்தில், மேலே உள்ள ஃபோல்டர் எது என்பது கான்ஃபிக்கில் ஒரே இடத்தில்.

லாபிஸ்_கிராணி:

சரி, வெளியே எடுப்பது என்று முடிவு. கூலாய் அண்ணன் சொன்ன மாதிரி வருடம், மாதம் வைத்துப் போடுகிறேன். இப்போது உள்ளே இருக்கும் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் படத்தை எப்படி எடுப்பது? ஒரே மூச்சில் எடுத்தால் பிஎச்பி மெமரி போதாது என்று நின்றுவிடுகிறது. இன்னொன்று, எடுத்த பிறகு அந்த 31 ஜிபி ஃபைல் சின்னதாகிவிடுமா? டிஸ்க்கில் இருபது ஜிபிதான் மிச்சம், எல்லாப் படமும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க இடமில்லை.

செகாமட்_சரஸ்:

படத்தை வெளி வட்டுக்கு எடு, மணி தம்பி சொன்ன ஹார்ட்டிஸ்க் இங்கேதான் உதவும். `id` வரிசையில் ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொள், கடைசியாக முடித்த `id`-ஐ எங்காவது குறித்து வை, கரண்ட் போனால் அங்கிருந்து தொடரலாம். ஒவ்வொன்றையும் எழுதியதும் வட்டில் இருந்து திரும்பப் படித்து sha256 போட்டு, டேட்டாபேஸில் இருப்பதோடு ஒத்தால் மட்டும் பாதையை எழுது:

```sql
SELECT id, gambar, SHA2(gambar, 256) AS h
FROM timbangan WHERE id > ? ORDER BY id LIMIT 50;
```

`gambar` பத்தியை உடனே அழிக்காதே. புதுப் படங்கள் ஃபைலுக்குப் போகட்டும், பழையது இரண்டு இடத்திலும் இருக்கட்டும், ஒரு மாதச் சம்பளக் கணக்கு முடியட்டும்.

அழித்ததும் 31 ஜிபி தானாகக் குறையாது. இன்னோடிபி காலியான பக்கங்களை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளும், விண்டோஸுக்குத் திருப்பித் தராது. பத்தியை எடுத்துவிட்டு `OPTIMIZE TABLE timbangan;` போட்டால் டேபிளைப் புதிதாகக் கட்டும். பலரும் இதற்கு இன்னொரு 31 ஜிபி காலி இடம் வேண்டும் என்று பயப்படுவார்கள், உனக்கு வேண்டாம், படம் போன பிறகு மிஞ்சுவது எண்கள் மட்டும், புதுக் கட்டுமானம் சில எம்பிதான். `innodb_file_per_table` ஓஃப் ஆக இருந்தால் மட்டும் கதை வேறு, அப்போது `ibdata1` சுருங்கவே சுருங்காது. பார்த்துவிட்டுச் சொல்.

பேக்கப்பிலும் வரிசை உண்டு. முதலில் டேட்டாபேஸ் டம்ப், அது முடிந்ததும் ஃபைல்கள். அப்படிச் செய்தால் டம்பில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் ஃபைல் இருக்கும், டம்புக்குப் பிறகு வந்த நாலைந்து ஃபைல் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஃபைலை முதலில் எடுத்தால் நடுவில் வந்த சிட்டுக்கு வரி இருக்கும், படம் இருக்காது. ஆனால் இந்தக் கணக்கு யாரும் ஃபைலை அழிக்காத வரைக்கும்தான். வரியை அழித்தாலும் ஃபைலை முப்பது நாள் விட்டு வை, ராத்திரி நிரல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்டூடியோ_மணி:

படத்தைச் சுருக்குவது பற்றி ஒன்று. எழுத்துள்ள சிட்டைச் சுருக்கும்போது நீளப் பக்கம் 1600 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். டாட் மேட்ரிக்ஸ் அச்சு மங்கினால் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். தரம் 80 வைத்தால் 250 கேபி பக்கம் வரும். போனிலேயே சுருக்கி அனுப்பினால் லைனும் மிச்சம்.

ஈப்போ_கிளினிக்:

ஆனால் சுருக்கிய படம் தகராறில் செல்லுமா? எடை குறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் வழக்குக்குப் போனால், மூலப் படம் எங்கே என்று கேட்டால்? எம்.எஸ்.பி.ஓ. தணிக்கைக்காரர் கேட்டால்?

செகாமட்_சரஸ்:

தணிக்கைக்கு அவர்கள் பார்ப்பது டிக்கெட் நம்பரும் எந்தத் தோட்டத்துக் குலை என்பதும், படிக்க முடிந்தால் போதும் என்றுதான் நான் பார்த்தவரைக்கும். வழக்கு என்று வந்தால் வக்கீலைக் கேட்க வேண்டியது, அதில் நான் வாய் வைக்கவில்லை. மூலத்தையும் வைக்க விரும்பினால் அதுவும் ஃபைலாக வைப்பதற்கு இன்னொரு காரணம்.

லாபிஸ்_கிராணி:

`innodb_file_per_table` ஓன்தான், அக்கா. படங்களை எடுக்க ஆரம்பித்துவிட்டேன், sha256 எல்லாம் ஒத்துப் போகிறது. ஆனால் ஒரு விநோதம். ஆரம்ப மாதப் படங்களில் கொஞ்சம் திறந்தால் மேலே ஒரு மெல்லிய பட்டை மட்டும் தெரிகிறது, கீழே முழுக்கச் சாம்பல். டேட்டாபேஸில் இருப்பதும் அதுவேதான் என்று ஹாஷ் சொல்கிறது. எல்லாமே ஒரே அளவு, 65,535 பைட்.

செகாமட்_சரஸ்:

அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிகிறது. அப்போது அந்தப் பத்தி `MEDIUMBLOB` இல்லை, வெறும் `BLOB`. அதில் 65,535 பைட்டுக்கு மேல் இடமில்லை. `my.ini`-ல் `sql_mode` வரியைப் பார், `STRICT_TRANS_TABLES` இருக்காது. அது இல்லாவிட்டால் மரியாடிபி மீதியை வெட்டி எறிந்துவிட்டு ஒரு எச்சரிக்கையை மட்டும் போடும், பிஎச்பி அதைக் கண்டுகொள்ளாது. யாரோ கவனித்து `MEDIUMBLOB` ஆக்கியிருக்கிறார், பழையதை அப்படியே விட்டுவிட்டார். எத்தனை என்று எண்ணிப் பார்:

```sql
SELECT COUNT(*), MIN(tarikh), MAX(tarikh)
FROM timbangan WHERE LENGTH(gambar) = 65535;
```

இரண்டரை எம்பி படத்தில் அறுபத்தைந்து கேபிதான் உள்ளே போனது, மீதி எங்கேயும் இல்லை, எந்த நிரலாலும் திரும்ப வராது. காகிதச் சிட்டு இருக்கிறதா?

லாபிஸ்_கிராணி:

நானூற்றுச் சொச்சம் வருகிறது, முதல் இரண்டு வாரம். `sql_mode`-ல் நீங்கள் சொன்னது இல்லை, இப்போது சேர்த்துவிட்டேன். ரோஸ் காப்பி அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யச் சொன்னால் பையன் ஓடியே போவான். போஸ் சொல்கிறார், விலை பற்றி அப்போது தகராறு செய்த தோட்டக்காரர்களுடையதை மட்டும் எடு என்று. அது யார் யார் என்பது பழைய கிராணிக்குத்தான் தெரியும், அவர் இப்போது குளுவாங்கில்.

ரவாங்_ப்ரோ:

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் ப்ரோ. தட்டில் போட்டுத் தானாக இழுக்கும் ஸ்கேனர் இருந்தால் நானூறு ஒரு மத்தியானம்தான்.

லாபிஸ்_கிராணி:

ரோஸ் காப்பி மெல்லிசு ப்ரோ, அந்த ஸ்கேனரில் போட்டால் கசங்கி நிற்கும். போனில்தான் எடுக்க வேண்டும்.